அடிபம்பின் கைப்பிடியும் கட்டுரையின் கடைசி வரியும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு கட்டுரையோட கடைசி வரியில இருந்து ஆரம்பிக்கிறேன். பொது சுகாதாரத்தை விருப்பப் பாடமா எடுத்திருக்கிற ஒரு இரண்டாம் வருஷ மாணவி எழுதினது. அவங்க அனுமதியோட படிக்கிறேன்.

"ஸ்நோ பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார், காலரா நின்றது, அறிவியல் மூடநம்பிக்கையை வென்றது."

நல்லா இருக்குல்ல? மூணு சின்ன வாக்கியம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போகுது. அவங்களுக்கு இந்தக் கட்டுரையிலேயே ரொம்பப் பிடிச்ச வரி இதுதான். பிரச்சினை என்னன்னா, இந்த வரி தப்புன்னு அவங்க கட்டுரையோட மூணாவது பாராவே சொல்லுது.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1854 ஆகஸ்ட் 31 ராத்திரி, லண்டன்ல சோஹோ பகுதியில காலரா வெடிக்குது. பிராட் தெருவுல ஒரு பொதுக் கிணறு, அதுமேல ஒரு அடிபம்பு. ஜான் ஸ்நோன்னு ஒரு டாக்டர், காலரா தண்ணி வழியாத்தான் பரவுதுன்னு 1849-லயே எழுதினவர், இந்தப் பம்பைச் சந்தேகப்படுறார். செப்டம்பர் 7 சாயங்காலம் அந்த வட்டார நிர்வாகக் குழுகிட்டப் போய்ப் பேசுறார். மறுநாள் பம்போட கைப்பிடியைக் கழற்றிடறாங்க. அந்தச் சமயத்துல பெரும்பாலான டாக்டர்கள் நம்பினது, நாத்தத்துல இருந்து வர்ற கெட்ட காற்றுதான் காலராவுக்குக் காரணம்னு.

இப்ப மாணவியோட மூணாவது பாரா. ஸ்நோ தன்னோட புத்தகத்துல ஒரு அட்டவணை கொடுக்கிறார். இறந்துபோனவங்கள்ல எந்தத் தேதியில எத்தனை பேருக்கு நோய் கண்டுச்சுன்னு. அதை எடுத்து அழகா போட்டிருக்காங்க. செப்டம்பர் 1-ஆம் தேதி 143 பேர். 2-ஆம் தேதி 116. 3-ஆம் தேதி 54. அப்புறம் 46, 36, 20, 28. கைப்பிடியைக் கழற்றின 8-ஆம் தேதி 12 பேர். மறுநாள் 11.

கவனிச்சீங்களா? 143 எங்க, 12 எங்க. கைப்பிடி கழறுறதுக்கு முன்னாடியே நோய் இறங்கிடுச்சு. செத்தவங்க போக மீதிப் பேர்ல பாதிக்கு மேல அந்தப் பகுதியை விட்டே ஓடிப்போயிருந்தாங்க. ஸ்நோவே இதை ஒத்துக்கிறார். தண்ணியை நிறுத்துறதுக்கு முன்னாலயே நோய் அவ்வளவு குறைஞ்சுட்டதால, அந்த நேரத்துல கிணத்துல விஷம் இன்னும் இருந்துச்சா இல்லையான்னு சொல்ல முடியாதுங்கிற அர்த்தத்துல எழுதியிருக்கார். ஆக, ஸ்நோவே கோராத வெற்றியை நம்ம கட்டுரை அவருக்குக் கொடுக்குது. அதுவும் அவரோட எண்களை வெச்சுக்கிட்டே.

இது ஏன் நடக்குது? மாணவி கவனக்குறைவா இருந்தாங்கன்னு நான் நினைக்கல. பள்ளிக்கூடத்துல நமக்குச் சொல்லிக்கொடுத்த கட்டுரை முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு மூணு பெட்டி. முன்னுரையில தலைப்பைப் பெருமையா அறிமுகப்படுத்தணும், முடிவுரையில ஒரு நல்ல வாக்கியத்தோட முடிக்கணும். "எனவே மழைநீரைச் சேமிப்போம், மண்ணுலகைக் காப்போம்." நடுவுல என்ன எழுதியிருந்தாலும் அந்த முடிவுரை பொருந்தும். பொருளுரைக்கும் முடிவுரைக்கும் நடுவுல கயிறே இல்ல. பத்தாம் வகுப்புல அதுக்கு மார்க் வந்துச்சு. அந்தப் பழக்கம்தான் காலேஜுக்கும் கூட வருது.

சரி, இந்தக் கட்டுரையை எப்படித் திருத்தினோம்னு படிப்படியா சொல்றேன். 1500 வார்த்தைக் கட்டுரை. கேள்வி இதுதான்: "1854-இல் காலரா நீர்வழி பரவியது என்பதை ஸ்நோவின் சான்றுகள் எந்த அளவு நிறுவின?"

முதல்ல மைய வாதம். கட்டுரை முழுக்க எதை நிறுவப் போகுதோ அந்த ஒரு வாக்கியம். டிராஃப்ட்ல இருந்தது: "இக்கட்டுரை 1854 லண்டன் காலராவில் ஜான் ஸ்நோவின் பங்களிப்பை ஆராய்கிறது." இது தலைப்பு, வாதம் இல்ல. எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்னாடி "இல்லை" போட்டுப் பாருங்க. "இல்லை, இக்கட்டுரை ஆராயவில்லை"ன்னு யாரும் சண்டைக்கு வரப்போறதில்ல. மறுக்க முடியாத வாக்கியத்துக்கு நிரூபணம் தேவையில்ல, அதனால பாராக்களுக்கு வேலையும் இல்ல.

நான் அதைச் சொன்னதும் அவங்க மாத்தி எழுதினது: "ஸ்நோ ஒரு மாபெரும் மருத்துவ முன்னோடி." இதையும் யாரும் மறுக்கப் போறதில்ல. மூணாவது தடவை: "கைப்பிடியைக் கழற்றியதன் மூலம் ஸ்நோ காலரா நீர்வழி பரவுவதை நிரூபித்தார்." ஆங், இது வாதம். ஒருத்தர் மறுக்கலாம். மறுக்கலாம் என்ன, அவங்களோட சொந்த அட்டவணையே மறுக்குது.

இந்த இடத்துல நான் சொன்னது, வாதத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. ஒரு தாளை நடுவுல மடிங்க. இடது பக்கம் உங்க கையில இருக்கிற சான்று ஒவ்வொண்ணும். வலது பக்கம், அதுக்கு நேரா, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது. முன்னுரையைத் தொடக்கூடாது. இந்தத் தாளுக்கு அவங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு, கட்டுரையோட பாதி வேலை அதுலயே முடிஞ்சுது.

முதல் சான்று: பம்பைச் சுத்தி நடந்த சாவுகள். அந்த வாரம் பதிவான 83 சாவுகளை ஸ்நோ எடுத்துக்கிட்டு வீடு வீடா போய் விசாரிக்கிறார். பத்து பேரைத் தவிர எல்லாரும் மத்த பம்புகளை விட இந்தப் பம்புக்குப் பக்கத்துல இருந்தவங்க. அந்த 73 பேர்ல 61 பேர் இந்தத் தண்ணியைக் குடிச்சிருக்காங்க. ஆறு பேரைப் பத்தித் தகவல் கிடைக்கல. ஆறு பேர் குடிக்கலைன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க.

வலது பக்கத்துல மாணவி முதல்ல எழுதினது "தண்ணிதான் காரணம்". நான் கேட்டேன்: கெட்ட காற்றுதான் காரணம்னு சொல்றவர் இதைப் பார்த்து என்ன சொல்வார்? "அந்தத் தெருவுல காற்று மோசம், அதான் அங்க இவ்வளவு சாவு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். ஒரு இடத்துல சாவுகள் குவிஞ்சிருக்குன்னா அது தண்ணிக் கோட்பாட்டுக்கும் பொருந்தும், காற்றுக் கோட்பாட்டுக்கும் பொருந்தும். 61 பேர் குடிச்சாங்கங்கிறதும் தனியா போதாது. அந்தத் தெருவுல உயிரோட இருந்தவங்கள்ல எத்தனை பேர் குடிச்சாங்கன்னு தெரிஞ்சாத்தானே ஒப்பிட முடியும்? அதனால வலது பக்கம் என்ன ஆச்சுன்னா: "பம்பைச் சந்தேகிக்க நல்ல காரணம். காற்றை விலக்காது."

ரெண்டாவது சான்று, விதிவிலக்குகள். எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே பிடிச்ச பகுதி. அதே பிராட் தெருவுல ஒரு பீர் ஆலை. எழுபதுக்கும் மேல தொழிலாளர்கள், யாரும் காலராவுல சாகல. அவங்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைக்குது, ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருக்கு, பம்புத் தண்ணி பக்கம் அவங்க போறதே இல்ல. பக்கத்துல போலண்ட் தெருவுல ஏழைகள் விடுதி ஒண்ணு, 535 பேர். சுத்தி இருக்கிற வீடுகள்ல சாவு. விடுதிக்குள்ள அஞ்சே பேர்தான் இறந்தாங்க. அங்கயும் சொந்தக் கிணறு. அப்புறம் இதுக்கு நேர்மாறா ஒண்ணு: சில மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்ல ஒரு வயசான அம்மா. முன்னாடி பிராட் தெருவுல இருந்தவங்க, அந்தத் தண்ணியோட ருசி பிடிச்சுப்போய் தினமும் வண்டியில வரவழைச்சுக் குடிக்கிறாங்க. அவங்களும் இறந்தாங்க, பார்க்க வந்து அதே தண்ணியைக் குடிச்சுட்டுப் போன அவங்க உறவுக்காரப் பெண்ணும் இறந்தாங்க. அவங்க ரெண்டு பேர் இருந்த பகுதியிலயும் அப்ப காலரா இல்ல.

இதுக்கு வலது பக்கம் என்ன எழுதலாம்? ஆலைக்காரங்க சுவாசிச்சது அதே தெருக் காற்று. ஹாம்ப்ஸ்டெட் அம்மாவுக்குத் தெருக் காற்று போய்ச் சேரல, தண்ணி மட்டும்தான் போச்சு. அதனால காற்றும் தண்ணியும் இங்க பிரியுது. முதல் சான்று செய்ய முடியாத வேலையை இது செய்யுது.

மூணாவது சான்று டிராஃப்ட்லயே இல்ல. "அது போர் அடிச்சுது, வெறும் நம்பரா இருந்துச்சு"ன்னு விட்டுட்டாங்களாம்! தெற்கு லண்டன். ரெண்டு தண்ணி கம்பெனி, ஒரே தெருக்கள்ல ரெண்டு பேரோட குழாயும் ஓடுது, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு வேற வேற தண்ணி. லாம்பெத் கம்பெனி 1852-ல தண்ணி எடுக்கிற இடத்தை, லண்டன் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்கு மாத்திடுச்சு. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி பழைய இடத்துலயே எடுத்துது. 1854 காலராவோட முதல் ஏழு வாரத்துல, சவுத்வார்க் கம்பெனி தண்ணி போன 40,046 வீடுகள்ல 1,263 சாவு. லாம்பெத் தண்ணி போன 26,107 வீடுகள்ல 98 சாவு. பத்தாயிரம் வீட்டுக்குன்னு கணக்குப் போட்டா ஒரு பக்கம் 315, இன்னொரு பக்கம் 37.

பணக்காரன், ஏழை, தெரு, காற்று எல்லாம் ரெண்டு பக்கமும் கலந்திருக்கு. பெரிசா வேறுபடுறது தண்ணிதான். இந்த வரியைத் தாள்ல எழுதி முடிச்சதும் மாணவியே சொன்னாங்க, "சார், அப்ப கைப்பிடி தேவையே இல்லையே". அந்த நிமிஷம்தான் மைய வாதம் பிறந்துச்சு. அன்னிக்கே எழுதினாங்க:

"1854-இல் ஸ்நோ திரட்டிய சான்றுகள், காலரா குடிநீர் வழியாகப் பரவியதை வலுவாகக் காட்டின. அந்த வலு பம்பை மூடியதன் விளைவிலிருந்து வரவில்லை. ஒரே சூழலில் வெவ்வேறு நீர் குடித்தவர்களை ஒப்பிட்டதிலிருந்து வந்தது."

மூணு வாக்கியம் ஆயிடுச்சு, பரவாயில்ல. மறுக்கலாமா? தாராளமா. எந்தப் பாரா எதுக்குன்னு இதுலயே தெரியுதா? தெரியுது. ஒப்பீடுகளுக்கு இடம் வேணும், கைப்பிடிக்கு ஒரு பாரா வேணும். ஸ்நோவோட பிறப்பு, படிப்பு, விக்டோரியா ராணிக்குப் பிரசவத்துல குளோரோஃபார்ம் கொடுத்த கதை எல்லாத்துக்கும் இடம் இல்ல. டிராஃப்ட்ல அது மட்டும் 250 வார்த்தை இருந்துச்சு. அந்த இடம் அப்படியே தெற்கு லண்டனுக்குப் போச்சு.

அடுத்து பாரா. ஒரு பாராவை மட்டும் பிரிச்சுக் காட்டறேன். டிராஃப்ட்ல இப்படி இருந்துச்சு: "பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்கள் யாரும் இறக்கவில்லை. மேலும், ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தனர். அங்கு ஐவர் மட்டுமே இறந்தனர். மேலும், ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு பெண்மணி இறந்தார்." ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனா "மேலும்", "மேலும்"னு அடுக்கிக்கிட்டே போகுது. எதுக்காக இதெல்லாம் சொல்றாங்கன்னு வாசகர்தான் கண்டுபிடிக்கணும். ஒரு பாராவுல "மேலும்" ரெண்டு தடவை வந்தா நான் பேனாவை எடுத்துடுவேன். பெரும்பாலும் அங்க தொடர்பு சொல்லாம விட்டிருப்பாங்க.

திருத்தின வடிவம்:

"கெட்ட காற்றே காரணம் எனில், அதே தெருவில் வாழ்ந்தோர் அனைவரும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் உடல் வலுவுள்ளவர்கள் என்பதால் தப்பினர் எனலாம். ஆனால் அருகிலிருந்த விடுதியின் 535 ஏழைகளுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அங்கும் ஐவரே இறந்தனர். இவ்விரு குழுவினருக்கும் பொதுவாக ஸ்நோ கண்டது, பம்பின் நீரை அவர்கள் பயன்படுத்தவில்லை என்பதே."

என்ன மாறிச்சு? சான்று அதேதான். ஆனா முதல் வாக்கியம் ஒரு எதிர்பார்ப்பை வெச்சிருக்கு, "இது சரின்னா அது நடந்திருக்கணும்"னு. அப்புறம் ஆலை. உடனே ஒருத்தர் கேட்கக்கூடிய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாத்தான் விடுதி உள்ள வருது. முன்னாடி விடுதி ரெண்டாவது உதாரணம், அவ்வளவுதான். இப்ப அதை எடுத்துட்டா பாரா உடைஞ்சிடும். ஹாம்ப்ஸ்டெட் அம்மா அடுத்த பாராவுக்குப் போயிட்டாங்க. ஏன்னா அவங்க செய்யற வேலை வேற. "காற்று இல்லாமலும் நோய் வந்துச்சு"ங்கிறது தனி வாதம்.

இன்னொரு விஷயம், பலரும் மறைக்கப் பார்ப்பாங்க. குடிக்கலைன்னு வீட்டுல சொன்ன அந்த ஆறு பேர். மாணவி டிராஃப்ட்ல 61-ஐப் போட்டுட்டு ஆறை விட்டுட்டாங்க. "அது என் பாயிண்டை வீக் பண்ணுது"ன்னாங்க. வீக் பண்ணட்டுமே. மைய வாதம் 61-ஐ நம்பி நிக்கல, ஒப்பீட்டை நம்பி நிக்குது. அதனால ஆறு பேரைத் தைரியமா சொல்லலாம்: வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம வெளியில குடிச்சிருக்கலாம், பக்கத்துக் கடைகள்லயும் சாப்பாட்டு விடுதிகள்லயும் இந்தத் தண்ணிதான் புழக்கத்துல இருந்துச்சு. இல்ல, வேற வழியிலயும் தொத்தியிருக்கலாம். சான்று அதைத் தீர்க்கலைன்னு எழுதினாப் போதும். திருத்துற ஆசிரியருக்கு அந்த ஆறு தெரியும். நீங்க விட்டுட்டீங்கன்னா உங்க மத்த எண்களையும் சந்தேகமாத்தான் பார்ப்பார்.

இப்ப முடிவுரை. இதுக்கு ஒரு பென்சில் வேலை இருக்கு. உங்க முடிவுரையில ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்துலயும், அது எந்தப் பாராவுல இருந்து வருதோ அந்தப் பாரா எண்ணை எழுதுங்க. "காலரா நின்றது", எந்தப் பாரா? இல்ல, மூணாவது பாரா எதிரா இருக்கு. "அறிவியல் மூடநம்பிக்கையை வென்றது", எந்தப் பாரா? எங்கயுமே இல்ல. கெட்ட காற்றை நம்பினவங்க மூடநம்பிக்கைக்காரங்கன்னு கட்டுரையில ஒரு இடத்துலயும் காட்டல. அது உண்மையும் இல்ல. அவங்களும் சாவுக் கணக்குகளை வெச்சுத்தான் பேசினாங்க. வென்றதுன்னும் சொல்ல முடியாது, ஸ்நோ 1858-ல இறக்கும்போது அவரோட கோட்பாட்டைப் பெரும்பாலானவங்க ஏத்துக்கல. எண் கிடைக்காத வாக்கியத்துக்கு ரெண்டே வழி. அதுக்குன்னு ஒரு பாரா எழுதணும், இல்ல அதை எடுத்துடணும்.

எண் எல்லாத்துக்கும் கிடைச்சுட்டா சரியாகிடுச்சான்னா, அதுவும் இல்ல. சிலர் ஒவ்வொரு பாராவோட முதல் வரியையும் காப்பி பண்ணி வரிசையா ஒட்டிடுவாங்க. எண் இருக்கும், முடிவு இருக்காது. பாராக்களைச் சேர்த்து வெச்சுப் பார்த்தாத்தான் தெரியற ஏதோ ஒண்ணு அங்க வரணும். மாணவி கடைசியா எழுதினது இது:

"பிராட் தெருவின் விதிவிலக்குகள் சிறு எண்ணிக்கையிலானவை, தனித்து நின்றால் தற்செயல் எனத் தள்ளிவிடலாம். தெற்கு லண்டனின் ஒப்பீடு பெரியது. ஆனால் அங்கு தனிமனிதர் எந்த நீரைக் குடித்தார் என்பது தெரியாது, வீட்டிற்கு வந்த நீர் மட்டுமே தெரியும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால், நீரே காலராவைக் கொண்டு சென்றது என்ற முடிவு வலுப்பெறுகிறது. நீரில் இருந்தது என்ன என்பதை இச்சான்றுகள் கூறவில்லை."

எண் போட்டுப் பாருங்க, ஒவ்வொரு வாக்கியமும் எங்கிருந்து வருதுன்னு காட்டலாம். ஆனா "ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது"ங்கிறது எந்தத் தனிப் பாராவுலயும் இல்ல. ரெண்டையும் பக்கத்துல வெச்சப்பத்தான் வந்துச்சு. கடைசி வாக்கியம் சப்புன்னு இருக்குன்னு அவங்களுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனா கேள்வி "எந்த அளவு"ன்னு கேட்குது. அளவு சொல்லணும்னா எல்லையையும் சொல்லித்தான் ஆகணும்.

கைப்பிடி என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அது போகல. முடிவுரையில இருந்து எடுத்து நடுவுல ஒரு சின்ன பாராவா வெச்சோம். வைக்கும்போது இன்னொண்ணையும் சேர்த்தாங்க. ஹென்றி வைட்ஹெட்ன்னு அந்தப் பகுதிப் பாதிரியார். முதல்ல ஸ்நோவை நம்பாதவர், அப்புறம் அவரே வீடு வீடா விசாரிக்கிறார். பம்புக்கு எதிர்ல இருந்த 40-ஆம் எண் வீட்டுல ஒரு கைக்குழந்தை நோயில இறந்ததையும், அதோட துணி அலசின தண்ணி கிணத்துக்குப் பக்கத்துக் கழிவுக்குழியில கொட்டப்பட்டதையும் 1855-ல கண்டுபிடிக்கிறார். அந்தக் குழந்தையோட அப்பாவுக்கும் காலரா வருது. எந்தத் தேதியில தெரியுமா? செப்டம்பர் 8, கைப்பிடியைக் கழற்றின அதே நாள். அந்தக் குழி மறுபடி கிணத்தைக் கெடுத்திருந்தா இன்னொரு அலை வந்திருக்கலாம். கைப்பிடி முதல் அலையை நிறுத்தல, ரெண்டாவது அலையைத் தடுத்திருக்கலாம். மாணவி அந்தப் பாராவுல "தடுத்தது"ன்னு எழுதி, அடிச்சுட்டு, "தடுத்திருக்கலாம்"னு மாத்தியிருந்தாங்க. அதை நான் சொல்லல, அவங்களே பண்ணினது.

அடுத்த எபிசோட்ல மேற்கோள் காட்டுறதைப் பத்திப் பேசலாம். உங்க டிராஃப்ட்ல எந்த வாக்கியத்துக்கு எண் கிடைக்கலைன்னு எழுதி அனுப்புங்க.